வெளிக்கதையை வெட்டிவிட்டால் உள்கதைக்கு என்ன குறையும்?

மவுசாகலை எழுதியது:

வணக்கம். ஒரு சிறுகதை எழுதி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு அடுக்குகள். வெளியே, அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு வரும் பஸ் மண்சரிவினால் வழியில் நின்றுவிடுகிறது. கதைசொல்லியான பெண்ணின் பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர். பாதை திறக்கும்வரை அவர் ஒரு கதை சொல்கிறார். அதுதான் உள்கதை: தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்த அக்காளும் தங்கையும் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின் பிரிந்த கதை. அக்காள் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கிறது, தங்கை குடும்பம் இங்கே குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கிறது. ரயில் நிலையத்தில் இருவரும் பிரிகிறார்கள். பிறகு பாதை திறக்கிறது, பஸ் புறப்படுகிறது, கிழவர் இறங்கிப் போகிறார்.

படித்த நண்பர் ஒருவர், "பஸ்ஸும் கிழவரும் எதற்கு? சகோதரிகள் கதையை மட்டும் சொல். முதல் நான்கு பக்கமும் கடைசிப் பக்கமும் சும்மா இருக்கின்றன" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் பதிலும் இல்லை. கதைக்குள் கதை வைக்கும்போது வெளியே இருக்கும் கதை உள்ளே இருப்பதற்கு உண்மையில் என்ன கொடுக்கிறது? நிறையப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

கதைவண்டி எழுதியது:

உங்கள் நண்பர் சொல்வது சரி, சகோதரி. வெட்டுங்கள்.

வெளிக்கதை என்பது பூமாலையின் நார். பூ உதிராமல் இருக்கத்தான் நார் வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஒரே பூ. முப்பத்திரண்டு பதுமைக் கதையைப் பாருங்கள். போஜராஜன் சிம்மாசனத்தில் ஏறப் போவான், ஒரு பதுமை தடுத்து விக்கிரமாதித்தனின் பெருமையைச் சொல்லும், அடுத்த நாள் அடுத்த பதுமை. எந்தப் பதுமையின் கதையைத் தனியே உருவி எடுத்தாலும் அது நிற்கும். வேதாளக் கதையும் அப்படித்தான். சிறுவயதில் அம்புலிமாமாவில் மாதாமாதம் படித்தேன். முதல் பத்தியில் விக்கிரமன் மரத்தில் ஏறுவான், கடைசிப் பத்தியில் வேதாளம் திரும்பிப் பறக்கும். இரண்டையும் தாண்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் படிப்பேன். எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

---

ரம்பொடை எழுதியது:

எனக்கு இந்த உத்தி மிகவும் பிடிக்கும். கதாநாயகன் ஜன்னல் ஓரம் நின்று பழசை நினைப்பார், படம் கறுப்பு வெள்ளையாக மாறும், முடிந்ததும் மறுபடி நிறத்துக்கு வரும். வெட்ட வேண்டாம், அக்கா. பழைய நினைவு இல்லாத கதையில் உயிர் இல்லை.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

ரம்பொடை, தம்பி, நீங்கள் சொல்வது நினைவோட்டம். அங்கே நினைப்பவர் ஒருவர் மட்டும்தான். மவுசாகலை கேட்பது வேறு. ஒருவர் வாய் திறந்து இன்னொருவருக்குச் சொல்கிறார். சொல்பவருக்கு இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும், கேட்பவருக்குக் கேட்க ஒரு காரணம் இருக்க வேண்டும். நினைத்துப் பார்ப்பவர் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. சொல்பவர் ஏமாற்றலாம், மறைக்கலாம், கெஞ்சலாம், பரீட்சிக்கலாம். வெளிக்கதையின் வேலையே அங்கேதான் தொடங்குகிறது.

கதைவண்டி வேதாளத்தை இழுத்ததால் அங்கேயே போகலாம். நீங்கள் படித்த அம்புலிமாமாவில் நார் மட்டும்தான் இருந்தது, உண்மை. மாதாமாதம் புதிய கதைகளை எழுதிச் சேர்த்தார்கள். வெளிக்கதை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. முடியாத வெளிக்கதை நாராகத்தான் ஆகும். ஆனால் பழைய வேதாளக் கதைக்கு முடிவு உண்டு, அந்த முடிவு உள்ளே இருக்கும் எல்லாக் கதைகளையும் பின்னோக்கி மாற்றுகிறது.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருக்கும் வடிவத்தைச் சொல்கிறேன். அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன், மரமும் முருங்கை இல்லை. ஒரு துறவி தினமும் சபைக்கு வந்து ஒரு பழம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகிறான். அரசன் வாங்கிப் பொக்கிஷக்காரனிடம் கொடுத்துவிடுகிறான். ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது. ஒருநாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து ஒரு மாணிக்கம் விழுகிறது. பொக்கிஷ அறையில் தேடினால் பழங்கள் அழுகிப் போயிருக்கின்றன, மாணிக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. இத்தனை கொடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்து வந்து தர வேண்டும் என்கிறான்.

இங்கே நிறுத்திப் பாருங்கள். அரசன் பழத்தை உடைத்துப் பார்க்காதவன். அதுதான் அவன் குறை. கொடுப்பவனின் வெளித்தோற்றத்தை ஏற்றுக்கொள்கிறான், உள்ளே என்ன என்று பார்ப்பதில்லை. அந்தக் குறையோடுதான் பிணத்தைத் தோளில் போட்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் அவனுக்குச் சொல்லும் கதைகளோ எல்லாம் ஒரே மாதிரியானவை: இருக்கிற ஆட்களுக்குள் உண்மையில் யார் யார் என்று பிரித்துப் பார்க்கச் சொல்பவை. யார் கணவன், யார் குற்றவாளி, யார் உயர்ந்தவன். உடைத்துப் பார்க்கப் பழக்குகிற பாடம் அது. பாடம் நடப்பது அரசனுக்குத் தெரியாது, முதல் தடவை படிக்கிற நமக்கும் தெரியாது.

கடைசியில் வேதாளம் உண்மையைச் சொல்கிறது. அந்தத் துறவி உன்னையே பலி கொடுக்கப் போகிறான். தரையில் விழுந்து வணங்கச் சொல்வான். எப்படி வணங்குவது என்று நீயே செய்து காட்டு என்று கேள், அவன் குனியும்போது தலையை வெட்டு. அரசன் அப்படியே செய்து பிழைக்கிறான். பழத்தை உடைக்காதவன் கடைசியில் ஆளை உடைத்துப் பார்க்கிறான். நடுவில் இருக்கும் கதைகளை மட்டும் உருவி எடுத்தால் சாமர்த்தியமான விடுகதைகள் கிடைக்கும். அவை ஒருவன் உயிரைக் காப்பாற்றின என்பது போய்விடும்.

---

கதைவண்டி எழுதியது:

டீச்சர், அழகாகச் சொன்னீர்கள். ஆனால் இது கடைசியில் போட்ட முடிச்சு. "எல்லாம் பாடம்" என்று எந்தத் தொகுப்புக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு கதையை எடுங்கள். வெளியே இருக்கும் அரசனால் அந்தக் கதைக்குள் எந்த வரி மாறுகிறது என்று காட்டுங்கள்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

நியாயமான சவால். மந்தாரவதி கதையை எடுக்கிறேன்.

மந்தாரவதி என்ற பெண்ணை மூன்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அவள் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள், எரிக்கிறார்கள். ஒருவன் சுடுகாட்டில் அந்தச் சாம்பலின் மேலேயே குடிசை போட்டுப் படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்புகளை எடுத்துக் கங்கைக்குப் போகிறான். மூன்றாமவன் துறவியாகி ஊர் ஊராக அலைகிறான். அலையும்போது ஒரு வீட்டில், செத்தவர்களை எழுப்பும் மந்திரம் எழுதிய புத்தகத்தைக் கண்டு திருடிக்கொண்டு வருகிறான். மூவரும் சுடுகாட்டில் மறுபடி சந்திக்க, மந்திரத்தால் அவள் எழுகிறாள். இப்போது மூவரும் சண்டை. யாருக்கு அவள் மனைவி?

அரசன் சொல்லும் தீர்ப்பு: உயிர் கொடுத்தவன் தந்தை செய்யும் வேலையைச் செய்தான், எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போனவன் மகன் செய்யும் வேலையைச் செய்தான், சாம்பலை அணைத்துக் கிடந்தவனே கணவன்.

இதைத் தனியாகப் படித்தால் உறவுமுறையை வைத்து ஆடிய கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான். இனி வெளிக்கதையோடு படியுங்கள். கேட்பவன் எங்கே இருக்கிறான்? சுடுகாட்டில். தோளில் என்ன? பிணம். யாருக்காகச் சுமக்கிறான்? மந்திரம் தெரிந்த ஒரு துறவிக்காக. கதையில் மந்திரம் தெரிந்தவன் யார்? அவனும் துறவி வேடம் போட்டவன், மந்திரத்தைத் திருடியவன். அரசன் தன் வாயாலேயே தீர்ப்பளிக்கிறான்: மந்திரம் தெரிந்துவிட்டதால் மட்டும் ஒருவனுக்கு உரிமை வந்துவிடாது, பிணத்தோடு பக்கத்தில் கிடந்தவனுக்கே உரிமை. தன் நிலைமையைப் பற்றியே தீர்ப்புச் சொல்லிவிட்டான், ஆனால் தெரியாமல் சொன்னான். நீங்கள் கேட்ட மாறுகிற வரி அந்தத் தீர்ப்புத்தான்.

இந்தப் பொருத்தத்தைச் சோமதேவர் யோசித்து வைத்தாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வெளிக்கதை இருப்பதனால் வாசகன் இப்படிப் படிக்க முடிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று, பதிலுக்கு ஒரு விலை இருக்கிறது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கதையின் முடிவிலும் நாம் இரண்டு விஷயங்களுக்காகக் காத்திருக்கிறோம், விடைக்காகவும் அதைச் சொல்வதனால் அரசன் இழக்கப் போவதற்காகவும். 24ஆவது கதையில் ஒரு தந்தையும் மகனும் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதக்காரி தந்தைக்கு, சிறிய பாதக்காரி மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால் தாய்க்குத்தான் சிறிய பாதம், மகளுக்குப் பெரிய பாதம். தந்தை மகளை மணக்கிறான், மகன் தாயை மணக்கிறான். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்குத் தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். தனியாகப் பார்த்தால் இது விடை இல்லாத மொக்கைக் கதை. வெளிக்கதையில் வைத்தால், அவன் முதல் தடவையாக வாய் மூடுகிற இடம், வேதாளம் அவனை ஏற்றுக்கொள்கிற இடம்.

---

கதைவண்டி எழுதியது:

மந்தாரவதியை ஒப்புக்கொள்கிறேன். பதுமைகளை இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே போஜன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், எந்தக் கதைக்கும் அவன் எதையும் இழப்பதில்லை. அடுத்த நாளும் நல்ல நேரம் பார்த்து வந்து நிற்கிறான்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

பதுமைகளில் நீங்கள் பெரும்பாலும் சரி. அங்கே ஒரே கேள்விதான், "நீ அவனுக்கு நிகரா?" முதல் பதுமையிலேயே அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. வரிசையை மாற்றி அடுக்கினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. வெளிக்கதை வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை அதுதான்: உள்ளே இருப்பதை இடம் மாற்றியோ வேறு ஒருவருக்குச் சொன்னதாக மாற்றியோ பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அது நார்.

---

ஒப்பனைக்காரன் எழுதியது:

எங்கள் தோட்டத்தில் அருச்சுனன் தபசு ஆடுவோம். தபசு மரத்தில் ஏறி நிற்பவன் நான் இல்லை, நான் அவனுக்கு முகம் எழுதுகிறவன். அதனால் பாரதம் கொஞ்சம் தெரியும்.

பாரதத்துக்கே வெளிக்கதை உண்டு என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜனமேஜயன் பாம்புகளை எல்லாம் நெருப்பில் விழச் செய்யும் யாகம் நடத்துகிறான். அவன் தந்தை பரீட்சித்தைத் தட்சகன் என்ற நாகம் கடித்துக் கொன்றது, அதற்குப் பழி. அந்த யாகத்தின் இடைவேளைகளில்தான் வைசம்பாயனர் அவனுக்குப் பாரதத்தைச் சொல்கிறார். பழி வாங்கிக்கொண்டே ஒருவன், பழி வாங்கி அழிந்த தன் குலத்தின் கதையைக் கேட்கிறான். அதற்குள் காண்டவ வனம் வருகிறது. அவன் பாட்டனின் தந்தை அருச்சுனன் அந்தக் காட்டை எரித்தபோது தட்சகனின் மனைவி செத்துப்போனாள். அதாவது பகையை முதலில் தொடங்கியது யார் என்று கேட்டால் விரல் கேட்பவனின் குடும்பத்தையே காட்டுகிறது. ஊர்க் கூத்தில் காண்டவம் ஆடினால் அருச்சுனனின் வீரம்தான் தெரியும். யாகசாலையில் அதே கதை குற்றச்சாட்டாக மாறுகிறது.

கதையைக் கேட்டு மனம் மாறித்தான் அவன் யாகத்தை நிறுத்தினான். வெளிக்கதை கொடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

காண்டவத்தை நீங்கள் சொன்ன விதம் அருமை, தம்பி. ஆனால் கடைசி வரி அப்படி இல்லை. யாகத்தை நிறுத்தியது ஆஸ்தீகன் என்ற இளம் அந்தணன். அரசன் அவனுக்கு வரம் கொடுக்க, அவன் யாகம் நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டான். கதை கேட்டு மனம் மாறினான் என்று நூல் சொல்லவில்லை.

---

ஒப்பனைக்காரன் எழுதியது:

நூல் சொல்லவில்லைதான். ஆனால் அந்த வரத்தை மீறாமல் இருக்க அவனுக்கு மனம் எங்கிருந்து வந்தது? அத்தனை பெரிய கதையைக் கேட்டவனை அது தொடவே இல்லை என்றால் வைசம்பாயனர் சொன்னது வீண் வேலை. நூல் சொல்லாததை ஆடிக் காட்டுவதுதான் எங்கள் வேலை.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

தொட்டதா இல்லையா என்பதை நூல் திறந்து விட்டிருக்கிறது. அதை மூடிவிடாமல் ஆடினால் நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன்.

---

ரம்பொடை எழுதியது:

இப்போது புரிகிறது. அப்படியென்றால் ஆயிரத்தொரு இரவுகள்தான் இதற்குச் சரியான உதாரணம் இல்லையா? இரவுதோறும் மன்னனுக்குக் கதை சொல்கிறாள் ஷெஹரஸாத், கதை நின்றால் அவள் தலை போய்விடும்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

ஆமாம். அங்கே கதையை நடுவில் அறுப்பதற்கே காரணம் வெளிக்கதைதான், விடியும்போது அறுக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள். மன்னன் மன்னித்துக் குடும்பம் நடத்தினான் என்ற முடிவு நமக்குப் பழகிப்போனது. ஆனால் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெரிய அரபுக் கைப்பிரதி முன்னூறு இரவுகளைக்கூட எட்டாமல், நடுவிலேயே நின்றுவிடுகிறது. அந்த முடிவு அதில் இல்லை. மவுசாகலைக்கு இது பின்னால் உதவும்.

---

மவுசாகலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். கிழவருக்குப் பதிலாகப் பஸ் நடத்துநரை வைத்தேன், பெண்ணுக்குப் பதிலாக ஒரு மாணவனை வைத்தேன். சகோதரிகள் கதையில் ஒரு சொல்கூட மாறவில்லை. நண்பர் சொன்ன "சும்மா இருக்கிறது" என்பதன் பொருள் இப்போது விளங்குகிறது. பெண் நடுநடுவே "பிறகு என்ன ஆனது?" என்று மட்டும் கேட்கிறாள்.

ஆனால் வெட்ட இன்னும் மனமில்லை. அந்தக் கதை யாராவது ஒருவர் வாயால் வர வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் மலைகளில் அது எழுதி வைக்கப்பட்டதைவிடச் சொல்லி வைக்கப்பட்டதுதான் அதிகம்.

---

கதைவண்டி எழுதியது:

அப்படியானால் ஒரு காரணத்துக்காக வைக்கலாம்: நம்பகத்தன்மை. "கண்ணால் கண்ட கிழவர் சொன்னார்" என்றால் வாசகன் நம்புவான். ஆசிரியர் சொல்வதைவிட அது வலுவானது.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

பாதி சரி. சாட்சி வந்தால் நம்பிக்கை வரும், கூடவே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வரும். "அக்காள் அழவில்லை" என்று ஆசிரியர் எழுதினால் அவள் அழவில்லை. "அக்காள் அழவில்லை" என்று கிழவர் சொன்னால், இவர் எங்கே நின்று பார்த்தார், இவருக்கு எப்படித் தெரியும், ஏன் இதைச் சொல்கிறார் என்ற கேள்வி வருகிறது. நம்ப வைப்பதற்காக மட்டும் வெளிக்கதை வைத்தால் பாதி வேலைதான் வாங்குகிறோம்.

மவுசாகலை, ஒன்று கேட்கிறேன். கிழவருக்கு அந்தச் சகோதரிகளை எப்படித் தெரியும்?

---

மவுசாகலை எழுதியது:

அதே தோட்டத்தில் வேலை செய்தவர் என்று ஒரு வரியில் விட்டுவிட்டேன்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

அந்த ஒரு வரிதான் உங்கள் வெளிக்கதை. மற்றதெல்லாம் பஸ்.

1964 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று எண்களாகப் பிரித்தார்கள். மேலே அது எண். கீழே தோட்டத்தில் அது விண்ணப்பப் படிவம். படிவத்தை எழுத்துத் தெரிந்த யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுத்திருக்க வேண்டும், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள். உங்கள் கிழவர் அப்போது இளைஞர், எழுதத் தெரிந்தவர், அந்த இரண்டு குடும்பங்களுக்கும் படிவம் எழுதிக் கொடுத்தவர் என்று வையுங்கள். அவர் சொல்கிற கதையில் ஒரு இடம் வழுக்கிக்கொண்டு போகும்: அக்காள் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த நாள். அதை ஒரு வரியில் தாண்டுவார், ரயில் நிலையத்தை இரண்டு பக்கம் சொல்வார். உள்கதையில் ஒரு நிகழ்ச்சியும் மாறவில்லை. எதைச் சுருக்குகிறார், எதை நீட்டுகிறார் என்பது மாறிவிட்டது.

இனிக் கேட்பவள். மாணவியாக இருந்தால் "பிறகு என்ன ஆனது" என்றுதான் கேட்பாள். தங்கையின் பேத்தியாக இருந்தால்? பாதிக் கதை அவளுக்கு ஏற்கனவே தெரியும், வேறு மாதிரித் தெரியும். "எங்கள் அப்பாயி வேறு சொன்னாரே" என்று ஒரே ஒரு தடவை குறுக்கிட்டால் போதும். அதற்குப் பிறகு கிழவர் சொல்லும் ஒவ்வொரு வரியும் பதிலாக மாறிவிடும்.

---

மவுசாகலை எழுதியது:

டீச்சர், இது மிக வலுவாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு தயக்கம். கிழவரைக் குற்றவாளியாக்கினால் பிரிவுக்குக் காரணம் அவர் என்று ஆகிவிடும். இரண்டு அரசாங்கங்கள் செய்ததை ஒரு படிவக்காரரின் தலையில் போட விருப்பமில்லை.

---

கோத்தகிரிப் பேரன் எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா குடும்பம் ராமேசுவரத்தில் கப்பல் இறங்கி நீலகிரிக்கு வந்தது. பிறகு தேயிலைதான், அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை.

அக்காவின் தயக்கத்தோடு ஒத்துப்போகிறேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏமாற்றப்பட்டு வந்தவர்கள் என்று எழுதுவது எனக்கு எரிச்சல் தரும். எங்கள் தாத்தா விரும்பி எழுதிக் கொடுத்தார், நிலம் கிடைக்கும் என்று நினைத்தார். யாரும் அவர் கையைப் பிடித்து ரேகை வைக்கவில்லை.

ஆனால் டீச்சர் சொல்வதை எங்கள் அம்மாயியிடம் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அதிகாரி யாராவது கணக்கெடுக்க வந்தால் கப்பல் பயணத்தை ஒரு விதமாகச் சொல்வார், எல்லாம் பொறுமையாக, தேதியோடு. எங்களுக்குச் சொல்லும்போது கப்பலில் ஒரு சிங்களப் பெண் தன் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தாள் என்று வரும். தாத்தா பக்கத்தில் இருந்தால் கப்பலே வராது, விட்டுவந்த கோழிகளைப் பற்றி மட்டும்தான் பேசுவார். எது உண்மையான பயணம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கப்பலில் சிங்களப் பெண் எதற்காக வந்தாள் என்றும் தெரியாது.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

தம்பி, இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. மூன்று கேட்பவர்கள், மூன்று கதைகள். கோழிகளைப் பற்றிப் பேசும்போது தாத்தா பக்கத்தில் இருக்கிறார் என்று வாசகனுக்குத் தெரிந்தால், சொல்லாத கப்பலும் அதற்குள் வந்துவிடுகிறது.

மவுசாகலையின் தயக்கத்துக்கு வருகிறேன். அவர் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. குற்றவாளி என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தால் போதும். எழுதச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தவர், ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இத்தனை வருடம் சுமக்கிறவர். அரசாங்கங்கள் செய்ததை ஒரு மனிதன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்பதை வெளிக்கதை காட்டும். உள்கதை அதைச் சொல்லவே வேண்டாம்.

---

கதைவண்டி எழுதியது:

இதை நான் ஏற்கிறேன், ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிக்கதைக்கு இவ்வளவு தீனி போட்டால் அது உள்கதையைத் தின்றுவிடும். வாசகன் கிழவரையே பார்த்துக்கொண்டிருப்பான், அக்காளும் தங்கையும் அவருடைய மனவேதனைக்குச் சாமான்களாக ஆகிவிடுவார்கள். பெண்களின் பிரிவு ஓர் ஆணின் வருத்தமாகச் சுருங்கும்.

---

ஒப்பனைக்காரன் எழுதியது:

இது உண்மை. கூத்தில் கட்டியக்காரன் நன்றாக ஆடினால் ராஜா வரும்போது கைதட்டல் குறையும்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

கதைவண்டி சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அளவு ஒரு வழி. வேதாளக் கதையில் முதலில் பழமும் துறவியும் விரிவாக வருகின்றன, பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் வெளிக்கதை இரண்டு மூன்று வரிதான், கடைசியில் மறுபடி விரிகிறது. நடுவில் அது அடிக்கடி எட்டிப் பார்த்தால் உள்கதை மூச்சுத் திணறும். பதற்றமான இடத்தில் "பெரியவர் வெற்றிலையைத் துப்பினார்" என்று எழுதாதீர்கள். அங்கே வாசகன் ரயில் நிலையத்தில் நிற்கிறான், அவனைப் பஸ்ஸுக்குள் இழுக்கக் கூடாது. குறுக்கீடு வந்தால் அது எதையாவது மாற்ற வேண்டும்.

இன்னொரு வழி, கிழவருக்குப் பதிலாக ஒரு பெண் சொல்லட்டும். படிவம் எழுதியவரின் மனைவி. கணவன் இறந்துவிட்டான். அவள் தன் கணவனைக் காப்பாற்றவும் வேண்டும், பேத்திக்கு உண்மை சொல்லவும் வேண்டும்.

---

மவுசாகலை எழுதியது:

மனைவி சொல்வது என் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளை வைத்துத் திருத்துகிறேன். பஸ் போகட்டும். தங்கையின் பேத்தி பிறப்புச் சான்றிதழுக்காகப் பழைய பெயர் தேடி லயத்துக்கு வருகிறாள், வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேத்திக்கு ஒரு பெயர் வேண்டும், அதைக் கொடுத்தால் கிழவி கணவனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

முடிவுதான் பிடிபடவில்லை. ரயில் போன பிறகு இஸ்தோப்புக்குத் திரும்ப வேண்டுமா?

---

கதைவண்டி எழுதியது:

திரும்பத்தான் வேண்டும். கதவைத் திறந்தால் மூட வேண்டும். பெயரைச் சொன்னாளா இல்லையா என்று தெரியாமல் விட்டால் வாசகன் திட்டுவான்.

---

ரம்பொடை எழுதியது:

நான் திட்ட மாட்டேன்.

---

சிவப்புமைப் பேனா எழுதியது:

உள்கதைக்குள்ளேயே அந்தப் பெயர் தானாக வந்து விழுந்துவிட்டால் திரும்ப வேண்டியதில்லை. ரயில் நிலையத்தில் அக்காள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அதைச் சொல்லும்போதுதான் கிழவி பேத்திக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டாள். அங்கே நிறுத்தினால் வெளிக்கதையும் அதே வரியில் முடிந்துவிடும். அப்படி வரவில்லை என்றால் கதைவண்டி சொல்வது போலத் திரும்பி வாருங்கள், ஆனால் ஆறுதலுக்காகத் திரும்பாதீர்கள்.

---

கதைவண்டி எழுதியது:

எழுதி முடித்தால் இரண்டு முடிவையும் போடுங்கள், பார்ப்போம். நான் இன்னும் மூடுகிற கட்சிதான்.

---

மவுசாகலை எழுதியது:

சரி. ஒரு விவரம் மட்டும் யாராவது சொல்லுங்கள். மஸ்கெலியாப் பக்கத்து ஆட்கள் அட்டனில்தான் ரயில் ஏறியிருப்பார்கள் என்று எழுதுகிறேன். தலைமன்னாருக்கு அங்கிருந்து எந்த வழியாகப் போனார்கள்?

---

ஒப்பனைக்காரன் எழுதியது:

அட்டன் சரி. பாதை பொல்கஹவெலைக்கு இறங்கி, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போகும். எந்த இடத்தில் வண்டி மாற்றினார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எங்கள் மேட்டு லயத்தில் வழியனுப்பப் போன ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன். அவர் என்னிடம் ஒரு மாதிரியும் உங்களிடம் ஒரு மாதிரியும் சொல்வார், அதனால் நீங்களும் வந்து கேட்பது நல்லது.